ரீல் வெளியாகிவிட்டது, கட்டணம் வரவில்லை: பிராண்டுக்கு எந்த வகை நினைவூட்டலை அனுப்புவது?

விளம்பர ரீல் வெளியாகி ஒன்றரை மாதம் கடந்த பிறகும் பேசிய தொகை வந்து சேராத நிலையில், மறுபடியும் வாட்ஸ்அப்பில் கேட்பதா, முறையாக மின்னஞ்சல் அனுப்புவதா, சட்டத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுவதா, அல்லது ரீலையே எடுத்துவிடுவதா என்ற குழப்பத்தோடு பலர் எனக்கு எழுதுகிறார்கள். இந்த நான்கையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க, நானே வசூலித்த ஒரு நிலுவையை எடுத்துக்கொள்கிறேன். சமையல் ரீல் ஒன்றுக்கு ஒரு மசாலா நிறுவனம் 80,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு சேர்த்து இன்வாய்ஸ் தொகை 94,400 ரூபாய். ரீல் 2025 ஜூன் 3 அன்று வெளியானது. இன்வாய்ஸை மறுநாளே அனுப்பினேன். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள் என்பது ஒப்பந்தம். ஆகவே ஜூலை 4 அன்று பணம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இங்கே சொல்லும் சட்டங்கள் அனைத்தும் இந்தியாவுக்கு உரியவை. பிற நாடுகளில் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு வழிகள் அப்படியே பொருந்தும், மூன்றாவது பொருந்தாது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், நினைவூட்டல் யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்பது. நம்மோடு பேசி, ஸ்கிரிப்டைத் திருத்தி, ரீலுக்கு ஒப்புதல் தந்தவர் பணத்தை விடுவிப்பவர் அல்லர். பணத்தை விடுவிப்பது கணக்குப் பிரிவு; அந்தப் பிரிவுக்கு நம் ரீலைப் பற்றி எதுவும் தெரியாது, தன் மென்பொருளில் ஏறியிருக்கும் இன்வாய்ஸ் மட்டுமே தெரியும்.

இரண்டாவது, என்ன சான்று எஞ்சுகிறது என்பது. பணம் கேட்டு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. அதற்குள் எதிர்த்தரப்பு அந்தக் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். எனவே நல்ல நினைவூட்டல் பணத்தைக் கேட்பதோடு நிற்காமல், தொகையையும் தேதியையும் குறித்த ஒரு பதிலை எழுத்தில் வரவழைக்க வேண்டும்.

மூன்றாவது, நமக்கு ஆகும் செலவு. உறவு கெடுமோ என்ற அச்சத்தையே எல்லோரும் பெரிய செலவாக எண்ணுகிறார்கள். ஆனால் காத்திருப்பதற்கும் செலவு உண்டு. ஜூன் மாத இன்வாய்ஸுக்கான 14,400 ரூபாய் ஜி.எஸ்.டி.யை, பிராண்ட் ஒரு ரூபாய்கூடத் தராத நிலையில், ஜூலை 20க்குள் என் கையிலிருந்து கட்டினேன். சேவை வழங்கியவரிடம் பணம் வந்ததா என்று வரித்துறை பார்ப்பதில்லை. இன்வாய்ஸ் தேதியைத்தான் பார்க்கிறது.

நான்காவது, எடுத்த அடியைத் திரும்பப் பெற முடியுமா என்பது. அனுப்பிய மின்னஞ்சலை அடுத்த மின்னஞ்சலால் மென்மையாக்கலாம். பொதுவெளியில் போட்ட பதிவை அப்படி ஆக்க முடியாது.

## வழி 1: ஒப்பந்தம் பேசியவருக்கு வாட்ஸ்அப் செய்தி

எல்லோரும் முதலில் எடுக்கும் வழி இதுதான். நானும் ஜூலை 7 அன்று கேம்பெய்ன் மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். "பிராசஸில் இருக்கிறது" என்று பதில் வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டபோது, "அடுத்த பேமென்ட் சைக்கிளில் வந்துவிடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். இன்வாய்ஸை உள்ளே அனுப்பிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கு அப்பால் என்ன நடந்தது என்பதைப் பார்க்கும் வசதி அவரிடம் இல்லை.

இந்த வழியில் பணச் செலவும் இல்லை, உறவுக்குக் கேடும் இல்லை. கெடு கடந்த முதல் வாரத்தில் ஒரு முறை இப்படிக் கேட்பது சரியே. அப்போதும் "பணம் எப்போது வரும்?" என்று கேட்பதைவிட, "இன்வாய்ஸ் கணக்குப் பிரிவில் பதிவாகிவிட்டதா, பணம் போடும் தேதி என்ன, அங்கே நான் யாரிடம் பேச வேண்டும்?" என்று கேட்பது பயன் தரும். தேதியும் பெயரும் இல்லாத பதில் வந்தால், இன்வாய்ஸ் எங்கோ நடுவில் நிற்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துகொள்ளலாம். "பணம் அனுப்பியாயிற்று" என்று பதில் வந்தால் யு.டி.ஆர். எண்ணைக் கேளுங்கள். உண்மையிலேயே அனுப்பிய பணத்துக்கு அந்த வங்கிப் பரிமாற்ற எண் இருக்கும். அது வராதவரை பணம் கிளம்பவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு காலம். இதமான பதில்கள் வந்துகொண்டே இருப்பதால் நாமும் இதமாகக் காத்திருப்போம். அதற்குள் அந்த மேலாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால், நம் உரையாடல் முழுவதும் அவருடைய சொந்தத் தொலைபேசியோடு போய்விடும். அவர் இடத்துக்கு வருபவருக்கு நாம் யாரென்றே தெரியாது. ஒரு முறைக்கு மேல் இந்த வழியில் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து.

## வழி 2: கணக்குப் பிரிவுக்கு ஆவணங்களோடு மின்னஞ்சல்

பெரும்பாலான நிலுவைகளுக்கு முடிவு கிடைப்பது இந்த வழியில்தான் என்பதால், இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னஞ்சல் கணக்குப் பிரிவின் முகவரிக்குப் போக வேண்டும். கேம்பெய்ன் மேலாளர் நகலில் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவின் முகவரி தெரியாவிட்டால், ஒப்பந்தத்திலோ, வெண்டர் பதிவின்போது பான், வங்கி விவரங்களைக் கேட்டு வந்த பழைய மின்னஞ்சலிலோ பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஜூலை 21 அன்று நான் அனுப்பியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

> பொருள்: செலுத்தப்படாத இன்வாய்ஸ் எண் 014 – ரூ. 94,400 – கெடு 04.07.2025
>
> மதிப்பிற்குரிய கணக்குப் பிரிவினருக்கு,
>
> தங்கள் நிறுவனத்திற்காக நான் தயாரித்த விளம்பர ரீல் 03.06.2025 அன்று வெளியானது. 04.06.2025 தேதியிட்ட இன்வாய்ஸ் எண் 014இன்படி ரூ. 94,400 (ஜி.எஸ்.டி. உட்பட) செலுத்த வேண்டிய கெடு 04.07.2025 அன்று முடிந்தது. இன்று வரை தொகை என் கணக்கில் வரவாகவில்லை.
>
> கையொப்பமிட்ட ஒப்பந்தம், இன்வாய்ஸ், ரீலுக்குத் தங்கள் தரப்பு ஒப்புதல் தந்த மின்னஞ்சல், வெளியான ரீலின் இணைப்பு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இன்வாய்ஸ் தங்கள் பதிவில் ஏறியுள்ளதா என்பதையும், பணம் செலுத்தும் தேதியையும் 25.07.2025க்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் ஆவணம் குறைவாக இருந்தால் அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இதில் மன்னிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கும் நினைவூட்டல்களை நிறையப் பார்க்கிறேன். வேலையை முடித்துவிட்டு அதற்கான பணத்தைக் கேட்பவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்த வரி, இது அவசரமில்லாத வேண்டுகோள் என்ற எண்ணத்தையே கணக்குப் பிரிவில் உண்டாக்கும். பொருள் வரியில் இன்வாய்ஸ் எண்ணும் தொகையும் கெடுவும் இருந்தால், நாளைக்கு நூறு மின்னஞ்சல் பார்ப்பவர் நம்முடையதைத் திறக்காமலே மென்பொருளில் தேடிப் பார்த்துவிட முடியும். இணைப்புகளில் மிகவும் முக்கியமானது ஒப்புதல் மின்னஞ்சல். வேலை சரியாக முடிந்தது என்று நிறுவனத்துக்குள் யாராவது உறுதி செய்யாமல் கணக்குப் பிரிவு பணத்தை விடாது. அந்த உறுதியை நாமே கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

எனக்கு மறுநாளே பதில் வந்தது. என் இன்வாய்ஸ் அவர்களிடம் வரவே இல்லை. நிறுவனம் எனக்காக உருவாக்கியிருந்த பர்சேஸ் ஆர்டரின் எண் இன்வாய்ஸில் இல்லாததால், மேலாளர் அதைப் பதிவேற்ற முயன்றபோது மென்பொருள் ஏற்காமல் திருப்பியிருக்கிறது. திரும்பி வந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, இன்வாய்ஸ் எண்ணையும் தேதியையும் மாற்றாமல், குறிப்பு வரியில் மட்டும் அதைச் சேர்த்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே பணம் போடும் நிறுவனம் அது. ஆகஸ்ட் 8 அன்று தொகை வந்தது. நான் முதல் வாரத்திலேயே கணக்குப் பிரிவுக்கு எழுதியிருந்தால் ஜூலையிலேயே முடிந்திருக்கும் என்பதை நினைத்து இன்னும் வருந்துகிறேன்.

தேதி எதுவும் மாறாமல் அதே இன்வாய்ஸ் போனதைத் தற்செயல் என்று எண்ண வேண்டாம். "புதுத் தேதியில் புது இன்வாய்ஸ் அனுப்புங்கள்" என்று சில இடங்களில் கேட்பார்கள். அதற்கு இணங்கினால் 30 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும், ஜி.எஸ்.டி.யில் பழையதை நீக்க கிரெடிட் நோட் போட வேண்டியிருக்கும். தாமதம் நம் பக்கம் நேர்ந்தது போன்ற தோற்றமும் பதிவில் நிலைத்துவிடும். தொகையோ வரி எண்ணோ தவறாக இருந்தால் தவிர, தேதியை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

இந்த வழியின் குறை, சிக்கல் காகிதத்தில் இல்லாமல் பணத்தில் இருக்கும்போது தெரியும். நிறுவனத்திடமே பணம் இல்லை என்றாலோ, தருகிற எண்ணம் இல்லை என்றாலோ, எவ்வளவு தெளிவான மின்னஞ்சலும் பதிலில்லாமல் கிடக்கும். குறித்த தேதி கடந்து, மேலும் ஒரு வாரம் போய், இரண்டாவது மின்னஞ்சலுக்கும் மௌனமே பதில் என்றால் அடுத்த வழிக்குப் போகலாம்.

## வழி 3: சட்டத்தைச் சுட்டும் கடிதம்

நம்மில் பலருக்குத் தெரியாத வலுவான பிடி ஒன்று இங்கே இருக்கிறது. தனியாளாக வேலை செய்யும் கன்டென்ட் கிரியேட்டரும் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. அப்படிப் பதிவானவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும், சேவையை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. எழுத்தில் காலம் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டி உண்டு. 2025 ஜூலையில் அந்த விகிதம் 5.75 விழுக்காடு, மூன்று மடங்கு 17.25. என் 80,000 ரூபாய்க் கட்டணத்துக்கு மட்டும் கணக்கிட்டால் முதல் மாத வட்டி 1,150 ரூபாய் ஆகிறது.

தொகை சிறியதுதான். ஆனால் கடிதத்தில் அந்த வட்டிக் கணக்கு ஒரு வரியாக வந்தாலே அது மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து நிதிப் பிரிவின் தலைமைக்கு நகர்ந்துவிடும். அதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. குறு, சிறு தொழில்களுக்குச் சட்டக் கெடு தாண்டி நிலுவை வைத்தால், அந்தச் செலவைப் பணம் உண்மையில் தந்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போகும் இந்தக் கடிதத்துக்குத் தனி வேகம் உண்டு. மேலும், இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், நம் இன்வாய்ஸைக் காட்டி எடுத்த ஜி.எஸ்.டி. வரவை வட்டியோடு பிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டும். என் இன்வாய்ஸுக்கு அந்த நாள் டிசம்பர் 1. இதைக் கடிதத்தில் அறமாகவோ அச்சுறுத்தலாகவோ எழுத வேண்டியதில்லை; தேதியை மட்டும் குறிப்பிட்டால் போதும், கணக்கர்களுக்குப் புரியும்.

அதற்கும் அசையாவிட்டால் மாநிலத்தின் வசதியாக்கக் குழுமத்தில் இணையவழி மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இவை இயங்குகின்றன. குழுமம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால், அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் பிராண்ட் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை வைப்பாகக் கட்ட வேண்டும். அதே நேரத்தில் 90 நாளில் முடிவாக வேண்டும் என்ற சட்ட வரியை நம்பித் திட்டமிட வேண்டாம். நடைமுறையில் அதைவிட நெடுநாள் ஆகிறது.

பதிவில் ஒரு பொறி இருக்கிறது. பணம் வராததைக் கண்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய வேலைக்கு இந்தச் சலுகை கிடைக்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் கூறியது. எனவே உத்யம் எண் ஒப்பந்தத்திற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்; இன்வாய்ஸிலும் அச்சாகியிருந்தால் நல்லது. அந்த எண் இல்லாதவர்களுக்கு வக்கீல் நோட்டீஸும் சிவில் வழக்கும் எஞ்சும். இருபதாயிரம் ரூபாய் நிலுவைக்கு வழக்குச் செலவு கட்டுப்படியாகாது; அங்கே நோட்டீஸோடு நின்றுவிடுவதே விவேகம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு உறவு. கடிதம் போன பிறகு அதே பிராண்ட் மறுபடி அழைக்காமல் போகலாம். இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் தராத பிராண்டிடம் இழக்க எவ்வளவு உறவு மிச்சமிருக்கிறது என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

## வழி 4: ரீலை எடுத்துவிடுவது, பொதுவில் சொல்வது

கோபத்தில் கை முதலில் போவது இங்கேதான். அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஆனாலும் ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிட்டு முடிவெடுங்கள். ரீல் இத்தனை மாதம் கணக்கில் இருக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். பணம் வராவிட்டால் நீக்கலாம் என்ற விதி அதில் இல்லாதபோது நீக்கினால், அதுவரை பிராண்ட் பக்கம் மட்டும் இருந்த ஒப்பந்த மீறல் நம் பக்கமும் வந்துவிடும். பணம் தராமல் இருப்பதற்கு அதுவரை இல்லாத காரணத்தை நாமே கொடுத்தவர்களாவோம். "வீடியோ என்னுடையது, காப்புரிமை என்னுடையது" என்ற வாதமும் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானதன்று. பணத்துக்காக ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட படத்தின் முதல் உரிமையாளர், மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே என்று 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த விதியைப் பிராண்ட் நமக்கு எதிராக நீட்ட முடியும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், எழுத்தில் ஏழு நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, அழிக்காமல் ஆர்க்கைவில் மட்டும் வையுங்கள். அதற்கு முன் ரீலின் பார்வை எண்ணிக்கையையும், பதிவாகியிருக்கும் தேதியையும் திரைப்பிடியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் வேலையைச் செய்தோம் என்பதற்கான முதன்மைச் சான்றும் அழிந்துவிடும்.

பெயரைச் சொல்லிப் பொதுவில் பதிவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. உண்மையாகவே இருந்தாலும் அவதூறு வழக்கை எதிர்கொள்ள நேரலாம். ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு விதி இருந்தால் அதுவும் மீறப்படும். பதிவைப் பார்க்கும் மற்றப் பிராண்டுகள் யார் பக்கம் நியாயம் என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த வழி பொருத்தமாகும் சூழல் ஒன்றே ஒன்று, அதுவும் மென்மையான வடிவில். நம் ரீலைத் தம் விளம்பரமாக ஓட்ட வாங்கிய உரிமைக் காலம் முடிந்து பிராண்ட் நீட்டிப்புக் கேட்கும்போது, பழைய நிலுவை வந்த பிறகே அதைப் பற்றிப் பேச முடியும் என்று மறுமொழி எழுதலாம். இது ஒப்பந்தத்தை மீறாத பிடி. ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை நிறுத்த விரும்பாத பிராண்ட் அன்றே பணம் போட்டதை நண்பர் ஒருவரின் விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

## நடுவில் ஏஜென்சி இருந்தால்

நான்கு வழிகளில் எதை எடுத்தாலும், கடனாளி யார் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்வாய்ஸ் ஏஜென்சியின் பெயரில் இருந்தால் பணம் தர வேண்டியது ஏஜென்சிதான். "பிராண்ட் எங்களுக்கு இன்னும் தரவில்லை" என்பது ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும் பதில். அத்தகைய நிலையில் இரண்டாம் வழி மின்னஞ்சலை ஏஜென்சியின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, கெடு கடந்தும் பதில் இல்லை என்றால் பிராண்டின் மார்க்கெட்டிங் தலைவரை நகலில் சேருங்கள். பிராண்ட் எப்போதோ கொடுத்துவிட்ட பணம் ஏஜென்சியில் தங்கியிருப்பது அப்போது வெளிப்படுவதுண்டு.

## வரிக்கணக்கில் கிடைக்கும் சான்று

பிராண்ட் மௌனம் காக்கும் நாட்களில் வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். செலவைக் கணக்கில் ஏற்றும்போதோ பணம் தரும்போதோ, எது முன்னதோ அப்போது டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்பதால், பணம் வராமலே உங்கள் பெயரில் வரி வரவாகியிருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால், இன்வாய்ஸ் வரவில்லை என்றோ வேலை சரியில்லை என்றோ பிராண்ட் பின்னர் சொல்வது எடுபடாது; அந்தப் பக்கத்தை அடுத்த மின்னஞ்சலில் இணைத்துவிடுங்கள். எனக்கு ஆகஸ்ட் 8 அன்று வங்கியில் வந்தது 86,400 ரூபாய். கட்டணத்தில் 10 விழுக்காடாகப் பிடித்த 8,000 ரூபாய் அடுத்த காலாண்டு அறிக்கைக்குப் பிறகே 26ஏஎஸ்ஸில் தெரிந்தது. அதைப் பார்த்த பின்னரே இன்வாய்ஸ் எண் 014க்கு எதிரில் "முடிந்தது" என்று குறித்தேன்.